வக்கீல் அண்ணன் போட்ட டிக்குகள்

என் அண்ணன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்றால் ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் உடனே டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை. படுக்கையில் கிடக்கிறவர்களை வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும், எக்ஸ்ரேயிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கும், மறுபடி வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போகிற வேலை. பதினோரு வருஷமாகத் தள்ளுகிறார். நான் அதே ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். எங்கள் குடும்பத்தின் வைத்திய சேவை அவ்வளவுதான்.

அண்ணனுக்கு எங்கள் ஆட்களிடையே பட்டப்பெயர் 'வக்கீல்'. யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன சிக்கல் என்றாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வாடகை வீட்டுப் பிரச்சினை, பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம், பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் அண்ணன்தான். இந்த ஊர் மொழியில் அவர் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். வார்த்தை வராவிட்டால் கையைக் காட்டுவார், கை போதாவிட்டால் எழுந்து நடித்துக் காட்டுவார். ஆனால் காரியம் முடியாமல் கவுன்ட்டரை விட்டு நகரமாட்டார். கூச்சம் என்பது அவருக்குக் கிடையாது. அதில் எனக்குப் பொறாமை உண்டு, மறைக்க என்ன இருக்கிறது.

அண்ணி நேர் எதிர். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, ஒரு துணிக்கடைக்காகப் பேன்ட்டுகளின் நீளத்தைக் குறைத்துத் தைத்துக் கொடுக்கிறார். கடைக்காரர் மூட்டையில் சீட்டு வைத்து அனுப்புவார், அண்ணி சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார். வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் பஸ்ஸில் கிடக்கிற இலவசச் செய்தித்தாளிலிருந்து நூலகப் புத்தகம் வரை இந்த ஊர் மொழியில் ஒன்று விடாமல் வாசிப்பார். வீட்டுக்கு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவர்தான். அண்ணன் தமிழில் கோபமாகச் சொல்லச் சொல்ல, அண்ணி அதை இந்த ஊர் மொழியில் மரியாதையாக எழுதுவார். கீழே அண்ணன் கையெழுத்துப் போடுவார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "ஒரு லெட்டர் போட்டேன் பாரு, ஆடிப்போயிட்டான்" என்பார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு ஷிஃப்ட் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. லிஃப்ட் பக்கத்தில் சின்ன அறை. அங்கே உட்கார்ந்து வார்டுகளிலிருந்து வருகிற போனை எடுக்க வேண்டும், யாரை எங்கே அனுப்புவது என்று பிரிக்க வேண்டும், ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவருக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதுகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் சாக்ஸ் போட அண்ணி உதவ வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலி கிடைத்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் தள்ள முடியும் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நோட்டீஸில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த ஊர் மொழியைக் கேட்பது, வாசிப்பது, உரையாடுவது, ஒரு விஷயத்தைத் தொடர்ந்து எடுத்துச் சொல்வது, எழுதுவது என்று ஐந்திலும் குறைந்தது பி1 நிலை வேண்டும். முதியோர் கல்வி நிலையத்தில் சுயமதிப்பீட்டுப் படிவம் வாங்கி, தானே நிரப்பி, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். ஆளை எடுத்துக்கொண்டால் உடனே வேலை, மூன்று மாதத்தில் மொழிப் பரீட்சை. பரீட்சையில் தவறினால் பழையபடி ஸ்ட்ரெச்சர்தான்.

இந்த நிலைகளைப் பற்றி அண்ணனுக்கு ஏற்கெனவே பலமான கருத்து இருந்தது. மொத்தம் ஆறு. ஏ1 அடியில், அதற்கு மேல் ஏ2, பி1, பி2, சி1, உச்சியில் சி2. "நான் பி1, சமயத்துல பி2" என்று ரத்த வகையைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு திரிவார். யார் சோதித்தது என்று கேட்டால், "இத்தனை வருஷமா ஊரையே மேய்ச்சிட்டிருக்கேன், எனக்கென்ன சோதனை" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். கல்வி நிலையத்தில் பல மொழிகளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், தமிழிலும் இருந்தது. ஒவ்வொரு வரியும் 'என்னால்' என்று தொடங்கி 'முடியும்' என்று முடிந்தது. பக்கத்தில் மூன்று கட்டங்கள்: வழக்கமாக முடியும், சுலபமாக முடியும், இனிமேல் கற்க வேண்டும். ஒரு நிலையில் உள்ள வரிகளில் ஐந்துக்கு நான்கு வரியாவது முடிந்தால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று அடியில் போட்டிருந்தது.

அண்ணன் உரக்க வாசித்து டிக் போட்டுக்கொண்டே போனார். "'என்னால் முன் தயாரிப்பு இல்லாமல், பழக்கமான விஷயங்களைப் பற்றிய உரையாடலில் கலந்துகொள்ள முடியும்.' நம்ம தொழிலே அதுதான்." டிக். "'என்னால் எனக்குத் தெரிந்த விஷயங்களைப் பற்றி எளிமையாக, தொடர்ச்சியாக எழுத முடியும்.' எத்தனை லெட்டர் போட்டிருக்கோம்." டிக். "'என்னால் வேலை தொடர்பான அன்றாட வாசகங்களைப் புரிந்துகொள்ள முடியும்.' எல்லாத்தையும்தானே படிக்கிறோம்." டிக்.

அண்ணி பேன்ட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. எங்கள் வீட்டில் கடிதம் எழுதப்படுகிறது, வாசிக்கப்படுகிறது, பேசப்படுகிறது. யார் செய்தால் என்ன, வீட்டுக் காரியம் நடக்கிறது. அந்தக் கணக்கிலேயே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஐந்திலும் பி1. பி2-விலும் தாராளமாகச் சில டிக்.

புதன்கிழமை கல்வி நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அன்று விடுமுறை, வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன். அண்ணி வழக்கம்போலக் காகிதங்கள் இருந்த ஃபைலைச் சுமந்துகொண்டு வந்தார். ஆலோசகர் ஐம்பது வயது அம்மா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். அண்ணன் பத்து நிமிடம் அவரைச் சிரிக்க வைத்தார். அந்த அம்மா உரையாடல் பகுதியைப் பார்த்து, பி1 சரியாகத்தான் இருக்கிறது என்றார். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பிறகு எழுத்துப் பகுதிக்கு வந்து, கடைசியாக எழுதிய கடிதத்தைக் காட்டச் சொன்னார். அண்ணன் பெருமையாக ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒழுகும் குழாயைப் பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தின் நகல். அந்த அம்மா வாசித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினார். நோயாளி ஒருவர் எக்ஸ்ரேக்குத் தாமதமாக வந்ததற்கான காரணத்தைச் சக ஊழியருக்கு ஐந்து வரியில் எழுதச் சொன்னார்.

அண்ணன் பேனாவை எடுத்தார். அண்ணி பக்கம் திரும்பினார். அண்ணி அனிச்சையாகக் கையை நீட்டிவிட்டார், பேனாவை வாங்க. ஆலோசகர் அந்தக் கையைப் பார்த்தார். அண்ணி கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

இருபது நிமிடம். கடைசியில் தாளில் இரண்டு வரி இருந்தது. ஒன்று நோயாளியின் கட்டில் எண். இன்னொன்றில் 'லிஃப்ட்', 'லேட்' என்ற இரண்டு சொற்கள்தான் ஒழுங்காக இருந்தன. அண்ணனின் நெற்றி வியர்த்திருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஆலோசகர் சொன்னதை அண்ணி அப்புறம் எனக்கு முழுதாக விளக்கினார். 'என்னால்' என்றால் உங்களால், கூட யாரும் இல்லாமல், ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் அல்ல, எந்தச் சாதாரண நாளிலும். ஒருவருக்கு ஐந்தும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு மேலும் கீழுமாகத்தான் இருக்கும். அது குறை அல்ல, அடுத்து எதைப் படிக்கலாம் என்று அதுதான் காட்டும். ஏற்றிப் போட்டால் புரியாத வகுப்பில் போய் உட்காருவீர்கள், இறக்கிப் போட்டால் தெரிந்ததையே ஒரு வருஷம் படிப்பீர்கள். கடைசியாக, "நான் மார்க் போடுகிறவள் இல்லை. கையெழுத்து உங்களுடையது" என்று சொல்லி, புதிதாக ஒரு படிவம் கொடுத்தார். அண்ணியிடமும் ஒன்றை நீட்டினார். அண்ணி, எனக்கு எதற்கு என்பது போல அண்ணனைப் பார்த்தார்.

பஸ்ஸில் சண்டை வந்தது.

"பழைய ஃபாரத்தையே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்றார் அண்ணன். "பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள கத்துக்கறேன்."

"மூணு மாசம் அந்த நோட்டை யாரு எழுதுவா?" என்றேன். "அண்ணியைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்து நாற்காலியில உட்கார வெச்சுக்குவியா?"

"உன் வேலையைப் பாரு."

அண்ணி மெதுவாகச் சொன்னார். "நீங்க விஷயத்தை போன்ல சொல்லுங்க. நான் எழுதி மெசேஜ்ல அனுப்பறேன். பாத்துப் பாத்து நோட்டுல எழுதிடுங்க."

"பாத்தியா," என்றார் அண்ணன் என்னிடம், "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. இரண்டு பேரையும் திட்டிவிட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மறுநாள் வியாழன். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், சமையல்கட்டு ஜன்னலில் அண்ணன் தலை தெரிந்தது. தண்ணீர் கேட்டார். மூச்சு வாங்கியது.

"என்னண்ணா, முதுகா?"

"இல்ல. படியில ஓடினேன்."

நடந்தது இதுதான். பொறுப்பாளர் சாப்பிடப் போகும்போது, பழகிக்கொள்ளட்டும் என்று அண்ணனை அந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார். போன் வந்தது. நான்காம் மாடி வார்டு. பதினாலாம் கட்டில் அம்மாவை ஸ்கேனுக்கு எடுக்க வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டரோடு, வலது கையைத் தொடக்கூடாது, ஸ்கேன் முடிகிற வரை தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அண்ணனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சரி சரி என்று சொல்லியும் விட்டார். போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தால் எழுத வரவில்லை. அண்ணிக்குப் போன் அடித்தார், அண்ணி மெஷின் சத்தத்தில் எடுக்கவில்லை. பொறுப்பாளர் வருவதற்குள் மறந்துவிடுமோ என்று பயந்து, அறையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு மாடி ஓடி, தள்ளப்போகிற பையனிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

"யாரு அடிச்சாங்கன்னே தெரியல" என்றார். "யாருக்கு என்ன வேணுமோ."

"ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. மறுபடி கூப்பிட்டாங்க. சாதாரண விஷயந்தான்." டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "ஆகியிருந்தா? அந்தம்மாவுக்குத் தாகம்னு எவனாவது தண்ணி குடுத்திருந்தா? நான் சரி சரின்னு சொன்னேனே, எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி."

டம்ளரை வாங்கி மறுபடி தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் மூலை மேஜையில் புதுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். தட்டு எடுக்கிற சாக்கில் நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். இந்தத் தடவை உரக்க வாசிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி யோசித்தார். எழுத்துப் பகுதியில் பி1-ஐ முழுதாக விட்டுவிட்டார். ஏ2-வில் 'என்னால் சிறு குறிப்பும் செய்தியும் எழுத முடியும்' என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பிறகு மூன்றாவது கட்டத்தில், இனிமேல் கற்க வேண்டும் என்பதில், டிக் போட்டார். ஏ1-இல் 'என்னால் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி நிரப்ப முடியும்' என்பதற்குச் சுலபமாக முடியும். அது ஒன்றுக்காவது அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசிக் கணக்கு: கேட்டல் பி1, உரையாடல் பி1, தொடர்ந்து சொல்வது பி1, வாசிப்பு ஏ2, எழுத்து ஏ1.

"ஏ1-ங்கறது நேத்து விமானத்துல வந்து இறங்கினவன் போடறது" என்றார் என்னிடம். "பதினோரு வருஷம். அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றேன். "உண்மைன்னா கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் அம்மா அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தாராம். உனக்கு இந்த வேலை வேண்டும் என்றுதானே நினைத்தேன், ஏன் இப்படிப் போட்டாய், நான் இப்போது சோதிக்கப்போவதில்லையே என்று கேட்டாராம். நோட்டை எழுதுகிற ஆள் நான் இல்லை, என் மனைவி என்றாராம் அண்ணன். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். ஆனால் வேலை வேலைதான். அந்த நாற்காலி இரண்டாம் மாடியில் தள்ளுகிற இன்னொருவருக்குப் போனது. நல்ல பையன், எழுதவும் தெரியும், அதில் எனக்குப் புகார் இல்லை. அண்ணனுக்கு எடை குறைந்த வேலையாக, சக்கர நாற்காலிகளை மட்டும் கொடுத்தார்கள். அடுத்த இடம் காலியாகும்போது வரச் சொல்லி, எழுத்து வகுப்புக்கு வாரம் இரண்டு மணி நேரம் விடுப்பும் கொடுத்தார்கள். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அன்று வீட்டில் அண்ணன் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மேற்பார்வையாளர் மேல் கோபம், படிவத்தின் மேல் கோபம், பஸ்ஸில் வாயைத் திறந்த என் மேலும் கோபம்.

அண்ணியின் படிவம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை தையல் மெஷின் மேல் அது நிரப்பப்பட்டுக் கிடந்தது. அண்ணன்தான் எடுத்துப் பார்த்தார். வாசிப்பு பி2. செய்தித்தாளில் ஒரு பிரச்சினையைப் பற்றி எழுதினவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று புரிந்துகொள்ள முடியும் என்பதற்கு, சுலபமாக முடியும். எழுத்து பி1. கேட்டல் பி1. உரையாடலில் மட்டும் ஏ1-இலேயே பாதி வரிகள் மூன்றாவது கட்டத்தில் இருந்தன. 'என்னால் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும்' என்பதற்கு எதிரே எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை.

"இது ஏன் காலியா இருக்கு?" என்றார் அண்ணன்.

"முடியுமா முடியாதான்னு தெரியல" என்றார் அண்ணி. "பண்ணிப் பாத்ததே இல்ல. எங்க போனாலும் நீங்கதானே பேசுவீங்க."

குற்றமாகச் சொல்லவில்லை. பேன்ட் நீளம் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார். அண்ணன் தாளைப் பிடித்தபடியே நின்றார். ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவர், வீட்டில் ஒருத்தியின் வாயைப் பூட்டி வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும்தான். அண்ணிக்குப் பாஷை வராது என்று எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கல்வி நிலையத்தில் சேரப் போனார்கள். நானும் போனேன். வரவேற்பு மேஜையில் இருந்தவர் முதலில் அண்ணனைப் பதிவு செய்தார். அவருக்கு எழுத்து வகுப்பு. அண்ணன் படிவத்தை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே நிரப்பினார். பிறகு அந்த ஆள் அண்ணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லோரும் வழக்கமாகச் செய்கிறபடி, அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டார், இவங்க பேர் என்ன என்று.

அண்ணன் வாயைத் திறந்தார். திறந்ததை மூடிக்கொண்டார். என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்த ஆள் இரண்டாவது தடவை கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி அரை அடி முன்னால் போனார். மன்னிக்கணும், இன்னொரு தடவை மெதுவாகக் கேளுங்கள் என்றார். அந்த ஆள் மெதுவாகக் கேட்டார், இந்தத் தடவை அண்ணியிடம். அண்ணி தன் பேரைச் சொன்னார். எழுத்து எழுத்தாகவும் சொன்னார்.

இந்த ஊர் மொழியில் அண்ணியின் குரலை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இங்கே பதினோரு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த அண்ணனும் அன்றைக்குத்தான் கேட்டார்.